குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து யார் மனமும் நோகாமல் விலகுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி சொந்தக்காரர்கள் சேர்ந்திருக்கும் வாட்ஸ்அப் குரூப்புக்கு மட்டும். ஆபீஸ் குரூப், பள்ளிக்கூட பெற்றோர் குரூப்பெல்லாம் வேறு கணக்கு. அங்கே விலகினால் ஒருத்தரும் வீட்டுக்கு வந்து காரணம் கேட்கப்போவதில்லை.

ஒவ்வொரு படியையும் ஒரே குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். குரூப்பில் 46 பேர். தங்கச்சிமடத்தில் சித்தப்பா வீடு, மண்டபத்தில் அத்தை, ராமநாதபுரத்தில் பெரியப்பா, கத்தாரில் பெரியப்பா மகன். அட்மின் இருவர்: கத்தாரில் இருக்கும் அண்ணன், தங்கச்சிமடம் சித்தப்பா. விலக நினைப்பது ராமநாதபுரத்தில் ராத்திரி டூட்டி பார்க்கும் ஒரு நர்ஸ். காலை எட்டு மணிக்கு அவர் வந்து படுக்கிற நேரத்தில்தான் குரூப்பில் காலை வணக்கப் பூப்படங்கள் வரிசையாக இறங்கத் தொடங்கும்.

## 1. மியூட் போதுமா என்று முதலில் பாருங்கள்

சத்தம் மட்டும்தான் தொல்லை என்றால் விலகவே வேண்டாம். குரூப் பெயரைத் தொட்டு உள்ளே போய் Mute notifications, அதில் Always. பிறகு அதே குரூப்பை Archive செய்துவிட்டால் கண்ணிலும் படாது. நீங்கள் மியூட் செய்தது வேறு யாருக்கும் தெரியாது. படங்கள் போனை அடைக்கின்றன என்றால் Settings, Storage and data, Media auto-download என்று போய்த் தானாக இறங்குவதை நிறுத்திவிடலாம்.

ஆனால் மியூட்டில் ஒரு பெரிய குறை உண்டு, அதைப் பலர் தாமதமாகத்தான் உணர்கிறார்கள். குரூப்பில் உங்கள் பெயர் இருக்கும் வரை, உங்களுக்குச் சேதி சொல்லியாயிற்று என்றே குடும்பம் எடுத்துக்கொள்ளும். அத்தை மகள் வளைகாப்புத் தேதி அங்கே வந்திருக்கும். நீங்கள் பார்க்காமல் போகாமல் இருந்துவிட்டு, பிறகு எனக்குச் சொல்லவில்லையே என்றால், “குரூப்புல போட்டோமே, பாக்கலையா?” என்று ஒரே வரியில் முடிந்துவிடும். தப்பு உங்கள் பக்கம் வந்துவிடும்.

முறையாகச் சொல்லிவிட்டு விலகினால் இந்தக் கணக்கு மாறுகிறது. அதற்குப் பிறகு உங்களுக்குச் சேதி சொல்ல ஒருவர் போனை எடுத்துத்தான் ஆக வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாமே இந்த மாற்றத்தைச் சண்டை இல்லாமல் செய்து முடிக்கத்தான்.

ஒருவருக்கு மட்டும் மியூட்டோடு நிற்கச் சொல்லுவோம்: புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள். புகுந்த வீட்டுக் குரூப்பிலிருந்து முதல் வருஷத்தில் விலகினால், செய்தி எவ்வளவு நயமாக இருந்தாலும் அதை யாரும் படிக்க மாட்டார்கள். விலகியது மட்டும்தான் நிற்கும்.

## 2. உள்ளே இருக்கும்போதே எடுத்துக்கொள்ள வேண்டியவை

முதலில் நம்பர்கள். குரூப்பில் இருக்கும் பாதிப் பேரின் நம்பர் உங்கள் போனில் பெயரோடு பதிந்திருக்காது. ஆள் பட்டியலை மேலிருந்து கீழே வரை பார்த்து, வெறும் நம்பராகத் தெரிகிறவர்களை இன்ன வீடு என்று போட்டுப் பதிந்துகொள்ளுங்கள். “மண்டபம் அத்தை”, “கத்தார் அண்ணன்” என்று பதிந்தாலே போதும். விலகிய பிறகு ஒரு நம்பரிலிருந்து அழைப்பு வந்து, “யாருங்க பேசுறது?” என்று நீங்கள் கேட்டுவிட்டால், அந்த ஒரு கேள்வி போதும், பிள்ளைக்கு நம்மளத் தெரியலை என்ற பேச்சு கிளம்ப.

அடுத்தது பணம். குலதெய்வக் கோயில் வரி, பங்காளிகள் சேர்ந்து போடும் செலவு, பிள்ளைகள் படிப்புக்கு மாதாமாதம் கொடுக்கும் தொகை, இவையெல்லாம் குரூப்பில்தான் கணக்கு எழுதப்படுகின்றன என்றால், உங்கள் பங்கைக் கட்டி முடித்துவிட்டு விலகுங்கள். பாக்கி வைத்துவிட்டு விலகினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. அடுத்த தவணையை யாரிடம் கொடுப்பது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நீங்களே அட்மினாக இருந்தால் வேறொருவரை அட்மின் ஆக்குங்கள். ஆள் பெயரை அழுத்திப் பிடித்தால் Make group admin வரும். ஒரே அட்மினாக இருந்துகொண்டு விலகினால், வாட்ஸ்அப் தானே குரூப்பில் யாராவது ஒருவரை அட்மின் ஆக்கிவிடும். அது எட்டாவது படிக்கிற பையனாகவும் இருக்கலாம், யாரோடும் பேச்சுவார்த்தை இல்லாத மாமாவாகவும் இருக்கலாம்.

தாத்தா பாட்டி படங்கள், பழைய கல்யாணப் படங்கள் வேண்டுமென்றால் இப்போதே போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

## 3. நாள் பார்ப்பது

நல்ல நேரம் பார்க்கச் சொல்லவில்லை. குடும்பத்தில் எந்த விசேஷமும், எந்த வருத்தமும் நடந்துகொண்டிராத ஒரு சாதாரண நாள் வேண்டும். அது கிடைக்க ஒரு மாதம் ஆனாலும் காத்திருக்கலாம்.

துக்க வீடு இருந்தால் பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை நகராதீர்கள். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதும் வீடுகளில் அது முடியும் வரை. கல்யாணப் பத்திரிகை குரூப்பில் வந்துவிட்டால் கல்யாணம் முடிந்து ஒரு வாரம் போகட்டும். குரூப்பில் வாக்குவாதம் நடந்திருந்தால் குறைந்தது இரண்டு வாரம் பொறுங்கள். அதில் நீங்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்திருந்தாலும், உடனே விலகினால் ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டதாகவே எண்ணுவார்கள்.

நம் ராமநாதபுரம் கடற்கரைக்கென்று ஒரு கணக்கும் உண்டு. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கும்போதும், கடலுக்குப் போன படகு கரை திரும்பத் தாமதமாகும்போதும், நம் ஆட்களை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனதாகப் பேச்சு வரும்போதும் குடும்பக் குரூப்தான் செய்தி நிலையம். “யார் படகு, யாரெல்லாம் போனது” என்று எல்லாரும் அங்கே பதறிக்கொண்டிருக்கிற வேளையில் உங்கள் விடைபெறும் செய்தி வந்தால் அது ஆறாத வடு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தையும் தவிர்க்கச் சொல்லுவோம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், குரூப் அப்போதுதான் அதிகமாகக் கலகலக்கும். ஒருத்தர் விலகினால் அதைப் பற்றிப் பேச எல்லாருக்கும் நேரமும் இருக்கும்.

நேரம், சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுக்குள். கடலுக்குப் போய் வந்தவர்கள் பகலில் தூங்கி எழுந்து டீ குடிக்கிற நேரம் அது. ராத்திரி பத்துக்கு மேல் வருகிற செய்தி என்றாலே நம் வீடுகளில் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

## 4. குரூப்பில் எழுதுமுன் இரண்டு பேருக்குப் போன்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். செய்தியை எழுதுவதற்கு முந்தின நாள் இரண்டு பேரிடம் வாயால் சொல்லிவிட வேண்டும்: குடும்பத்தில் மூத்தவர் ஒருவர், குரூப்பை நடத்தும் அட்மின் ஒருவர்.

அட்மினிடம் ஏன்? 2022-க்குப் பிறகு வாட்ஸ்அப்பில் ஒருவர் விலகினால் அந்த அறிவிப்பு அட்மின்களுக்கு மட்டும்தான் போகிறது. முன்னே போல எல்லார் திரையிலும் வராது. ஆகவே முதலில் பார்க்கப்போவது அட்மின். அவருக்கு முன்பே தெரிந்திருந்தால், “ஆமா, எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போச்சு” என்று உங்களுக்காக அவரே பதில் சொல்லிவிடுவார். தெரியாவிட்டால் அவரே முதல் ஆளாகக் கேள்வி கேட்பார்.

மூத்தவரிடம் ஏன்? அவர் குரூப்பில் எழுத்தைப் படிப்பதில்லை. பேரனோ மருமகளோ சத்தமாகப் படித்துக் காட்டுவார்கள். படித்துக் காட்டுகிறவர் குரலில் என்ன தொனி இருக்கிறதோ அதுதான் அவர் காதில் விழும். உங்கள் குரலில் ஒருமுறை கேட்டிருந்தால், பிறகு யார் எப்படிப் படித்தாலும் அவருக்கு உங்கள் குரல்தான் ஞாபகம் வரும்.

பேச்சு இப்படி இருக்கலாம்: “பெரியப்பா, எனக்கு இப்ப ராத்திரி டூட்டி. பகல்ல தூங்கினாத்தான் ராத்திரி நிக்க முடியும். குரூப்புல இருந்து போயிட்டு வரலாம்னு பாக்குறேன். உங்ககிட்ட சொல்லாமச் செய்ய மனசு இல்ல.” அனுமதி கேட்கிற மாதிரி நீட்டாதீர்கள். “வரலாம்னு பாக்குறேன்” என்பதிலேயே மரியாதையும் இருக்கிறது, முடிவும் இருக்கிறது. “செய்யட்டுமா?” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இடம் கிடைக்கும். அவர் சொன்ன பிறகு மீறுவதுதான் உண்மையான மரியாதைக்குறைவு.

## 5. செய்தியை எழுதுவது

நான்கு வாக்கியம் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு, வரிசையும் மாறக் கூடாது. நம் நர்ஸ் எழுதுவது:

> பெரியப்பா, சித்தப்பா, அத்தை, அண்ணன், மதினி எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஆஸ்பத்திரியில ராத்திரி டூட்டி போட்டிருக்காங்க, பகல்லதான் தூங்கணும். அதனால நாளைக்கு இந்தக் குரூப்புல இருந்து போயிட்டு வர்றேன். நல்லது கெட்டது எதுவா இருந்தாலும் எனக்கு ஒரு போன் போடுங்க, எடுக்கலைன்னா அம்மாகிட்ட சொல்லுங்க, நான் திருப்பிக் கூப்பிடுறேன்.

முதல் வாக்கியத்தில் முறை சொல்லி அழைப்பது. “அனைவருக்கும் வணக்கம்” என்று எழுதினால் கூட்டத்தில் மைக் பிடித்தது போல ஆகிவிடும். மூத்தவர் முறையை முதலில் வையுங்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து முஸ்லிம் குடும்பம் என்றால் “அஸ்ஸலாமு அலைக்கும். மாமா, மாமி, காக்கா, லாத்தா எல்லாருக்கும்” என்று தொடங்கும். பெயர் சொல்லி யாரையும் அழைக்க வேண்டாம். பத்துப் பெயர் எழுதினால் பதினோராவது ஆள் தன் பெயரைத் தேடுவார்.

இரண்டாவது, காரணம். அது உங்களைப் பற்றியதாக மட்டும் இருக்க வேண்டும், குரூப்பைப் பற்றி ஒரு சொல்லும் வரக் கூடாது. “மெசேஜ் நிறைய வருது”, “தொந்தரவா இருக்கு” என்றால் தினமும் பூப்படம் போடுகிற அத்தைக்குத் தன்னைத்தான் சொல்கிறீர்கள் என்று உடனே தெரிந்துவிடும். “வேலை அதிகம், நேரமில்லை” என்பதும் சரிப்படாது. “அப்ப நாங்கள்லாம் வேலை இல்லாமலா இருக்கோம்?” என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது. “போன்ல மெமரி இல்லை” என்றால் யாராவது மருமகன் வந்து போனைச் சுத்தம் செய்து கொடுத்து, திரும்பச் சேர்த்தும் விடுவார்.

காரணம் உண்மையாக இருக்கட்டும், பத்துச் சொல்லுக்குள் முடியட்டும். ராத்திரி டூட்டி, பரீட்சை, கைக்குழந்தை, கண் வலி, இவை எல்லாம் யாரும் மறுத்துப் பேச முடியாத காரணங்கள். பொய்க் காரணம் எங்கே மாட்டும் என்றால் உங்கள் ஸ்டேட்டஸில். போன் பார்க்கவே நேரமில்லை என்று எழுதிவிட்டு அன்று சாயங்காலம் அரியமான் கடற்கரையில் எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் போட்டால், 46 பேரில் பாதிப் பேர் அதைப் பார்ப்பார்கள்.

மூன்றாவது, விடைபெறும் சொல். “விலகுகிறேன்”, “வெளியேறுகிறேன்” என்பவை ராஜினாமாக் கடிதத்தின் சொற்கள். வாசலில் நின்று “போறேன்” என்றுகூட நாம் சொல்வதில்லை, “போயிட்டு வர்றேன்” என்றுதான் சொல்கிறோம். இங்கேயும் அதே சொல்தான். “நாளைக்கு” என்று நாள் சொல்வதும் முக்கியம். எழுதிய மறு நிமிடமே போனால் கதவை அறைந்துவிட்டுப் போனதாகத் தெரியும்.

நான்காவதுதான் செய்தியின் உயிர். இனி உங்களுக்குச் சேதி எந்த வழியாக வர வேண்டும் என்று இதில்தான் சொல்கிறீர்கள். இந்த வாக்கியம் இல்லாவிட்டால் நீங்கள் உறவையே விட்டதாகப் படிப்பார்கள், மியூட்டில் இருந்ததைவிட மோசமாக எல்லாச் சேதியும் தவறும். உங்கள் நம்பரோடு இன்னொரு ஆளையும் சொல்லுங்கள், ஏனென்றால் தூங்கும்போது நீங்கள் போனை எடுக்க மாட்டீர்கள். அந்த ஆளிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். “முத ஆளா வந்து நிப்பேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். டூட்டி இருக்கிற நாளில் வர முடியாமல் போனால் அந்த வரியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். “திருப்பிக் கூப்பிடுறேன்” என்பது எந்த நாளும் காப்பாற்றக்கூடிய வாக்கு.

விட்டுவிட வேண்டியவை: “யாரும் தப்பா நினைக்காதீங்க” என்ற வரி. தப்பாக நினைக்க ஏதோ இருக்கிறது என்பதை அதுவே சொல்லிக்கொடுத்துவிடும். மன்னிப்பும் வேண்டாம். கும்பிடு கை ஒன்று போதும், அழுகிற முகம் கூடாது.

எழுதி முடித்ததும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். மூத்தவர்களுக்கு இது காதால்தான் போகப்போகிறது. மூச்சு வாங்க நிறுத்த வேண்டியிருக்கிற இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள்.

## 6. போட்ட பிறகு ஒரு நாள் உள்ளேயே இருங்கள்

பதில்கள் வரும். “சரிம்மா, உடம்பைப் பாத்துக்க” என்று நாலு பேர், கும்பிடு கை ஏழெட்டு. ஒருவராவது “என்னாச்சு?” என்று கேட்பார். அவருக்குக் குரூப்பில் விளக்கம் எழுதாமல் தனியே போன் செய்யுங்கள். குரூப்பில் விளக்கினால் அது பேச்சாக வளரும்.

மறுநாள் உங்கள் செய்தியை அழுத்திப் பிடித்து Info பாருங்கள். யார் படித்தார்கள், யாருக்குப் போய் மட்டும் சேர்ந்திருக்கிறது என்று பெயரோடு வரும். 46 பேரும் படிக்கக் காத்திருக்க வேண்டாம். பெரியவர்கள் வீட்டில் வீட்டுக்கு ஒருவராவது படித்திருந்தால் போதும். கடலுக்குப் போனவர்களுக்குக் கரை நெருங்கினால்தான் மொத்தமாக வந்து விழும், அவர்கள் வீட்டுப் பெண்கள் படித்திருந்தால் சரி.

குரூப்பில் மறையும் செய்திகள் 24 மணி நேரத்துக்கு வைத்திருந்தால் உங்கள் செய்தியும் அதற்குள் அழிந்துவிடும். அப்படியானால் பெரியவர்களுக்கு அதையே தனித்தனியாகவும் அனுப்புங்கள். எழுத்துப் பிழையைத் திருத்த 15 நிமிடம்தான் அவகாசம், ஆகவே போட்ட உடனே ஒருமுறை படித்துப் பாருங்கள்.

## 7. வெளியேறுவது

குரூப் பெயரைத் தொட்டு, கடைசி வரை கீழே இறங்கினால் Exit group. அதோடு முடிந்தது. Delete என்ற சொல் எங்கே வந்தாலும் இப்போதைக்குத் தொடாதீர்கள். அழிக்காத வரை பழைய பேச்சும் படமும் உங்கள் போனில் இருக்கும், ஒரு தேதியோ முகவரியோ தேவைப்பட்டால் தேடலாம்.

சத்தமில்லாமல் போய்விட்டால் யாருக்கும் தெரியாது என்று நம்பி, செய்தியே போடாமல் விலகுகிறவர்கள் உண்டு. கடந்த 60 நாளில் விலகியவர்களின் பட்டியல் குரூப் விவரப் பக்கத்தில், ஆள் பட்டியலுக்குக் கீழே, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கும். யாராவது ஒருவர் கண்ணில் பட்டே தீரும். விலகியதைவிட ஒளிந்து போனதுதான் அப்போது பேச்சாகும்.

கணவனும் மனைவியும் ஒரே நாளில் விலகாதீர்கள். அது குடும்பமாக வெளிநடப்புச் செய்தது போலத் தெரியும். ஒருவர் உள்ளேயே மியூட்டில் இருப்பது நல்லது, சேதிக்கும் ஒரு வழி.

## 8. யாராவது திரும்பச் சேர்த்துவிட்டால்

நடக்கும். பெரும்பாலும் அன்பினால்தான், அல்லது தவறிப் போய்விட்டீர்கள் என்று நினைத்து. உடனே மறுபடி விலகினால் சேர்த்தவரை அடித்த மாதிரி ஆகிவிடும். மியூட் செய்துவிட்டு, சேர்த்தவருக்குப் போன் போட்டுக் காரணத்தைச் சொல்லுங்கள். “நீங்களே எடுத்து விட்டுருங்கண்ணே” என்று அவரையே எடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது. அதற்குப் பிறகு அவரே மற்றவர்களுக்குப் பதில் சொல்லிக்கொள்வார்.

Settings, Privacy, Groups என்று போனால் உங்களைக் குரூப்பில் சேர்க்க யாருக்கெல்லாம் வழி உண்டு என்று முடிவு செய்யலாம். அதில் My contacts except என்பதில் அட்மின் பெயரைக் குறித்துவிட்டால் அவரால் நேரடியாகச் சேர்க்க முடியாது. ஆனால் அவர் முயன்று பார்க்கும்போது, சேர்க்க முடியவில்லை, அழைப்பு அனுப்புங்கள் என்று அவர் திரையில் வரும். தனக்குப் பூட்டு போட்டிருப்பது அவருக்குத் தெரிந்துவிடும். ஆகவே பேசிப் பார்த்த பிறகும் இரண்டு மூன்று முறை சேர்த்தால் மட்டும் இதைத் தொடுங்கள்.

## 9. முதல் சேதி வரும் நாள்

விலகிய இரண்டு மூன்று வாரத்தில் ஏதாவது ஒரு நல்லதோ கெட்டதோ வரும். அம்மா வழியாக வந்தாலும், சேதி வந்த வீட்டுக்கு அன்றைக்கே நீங்களே போன் போடுங்கள். “இப்பத்தான் அம்மா சொன்னாங்க மாமா” என்று தொடங்குங்கள். குரூப்பில் இல்லாமலே சேதி உங்களுக்கு வந்து சேர்கிறது என்று அந்த வீட்டுக்குத் தெரிய வேண்டும். ஒருவர் தவறவிட்டு, நாலு நாள் கழித்து உங்களுக்குத் தெரிந்தால் குறை பேசாமல், “அடுத்த தடவை எனக்கும் ஒரு போன் போட்டுருங்கத்தை” என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டாவது தடவைக்கு அவர்களே கூப்பிடுவார்கள்.